ஒத்திவைப்பு மடல்

2024ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், சனிக்கிழமை. பிற்பகலில் கும்பகோணத்திலிருந்து தில்லியிலுள்ள எங்கள் வீட்டிற்குத் தொலைபேசி வந்தது. பெரியப்பா காலமாகிவிட்டார். வயது எழுபத்தொன்று, ஓராண்டாகவே சிறுநீரக நோயால் நலிந்திருந்தவர். அன்றைக்குப் பதின்மூன்றாம் நாள் என் அக்காவிற்குக் கும்பகோணத்தில் திருமணம் நடைபெற இருந்தது. அழைப்பிதழ்கள் எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த அழைப்பிதழை விடுத்தவரே பெரியப்பாதான். எங்கள் குடும்பத்தில் மூத்தவர் பெயரால்தான் அழைப்பு அச்சாகும்.

அப்பா அன்றிரவே விமானத்தில் புறப்பட்டார். வாயிற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தம்பி, யாரும் புறப்பட வேண்டாம் என்று எல்லாருக்கும் எழுதிவிடு. நீதான் படித்தவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேதியியல் படித்தவனுக்கு இதில் என்ன தெரியும்? ஆனாலும் நான் எழுதினேன். நான் எழுதியது இது:

"தவிர்க்க முடியாத காரணங்களால் ஜூலை 12ஆம் நாள் நடைபெறுவதாக இருந்த திருமணம் நடைபெறாது. தங்களுக்கு ஏற்படும் இடர்ப்பாட்டுக்கு வருந்துகிறோம்."

இதை முதலில் தில்லியிலுள்ள பதினொரு குடும்பங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அம்மாவிற்கு மூன்று தொலைபேசிகள் வந்தன. மூன்றிலும் ஒரே கேள்வி: "மாப்பிள்ளை வீட்டில் என்ன தகராறு?" நான்காவதாகப் பேசிய அம்மையார் கேள்வியே கேட்கவில்லை. "கவலைப்படாதீர்கள், பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமையும்" என்று ஆறுதல் கூறினார். உள்ளே அக்கா அழுதுகொண்டிருந்தாள். பெரியப்பாவிற்காக அழுத அழுகையோடு இந்த அழுகையும் சேர்ந்துகொண்டது.

நண்பர்களே, வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இப்படிப்பட்ட வேலை நம் போன்ற மாணவர் தலையில்தான் வந்து விழுகிறது. தட்டச்சுச் செய்யத் தெரிந்தவர்கள் நாம். எல்லாருடைய எண்களும் நம்மிடம் இருக்கின்றன. ஆகவே அன்றிரவு நான் தவறியும், மறுநாள் அத்தை சொல்லியும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

என் மடலில் மூன்று குற்றங்கள் இருந்தன. முதற்குற்றம், காரணத்தை மறைத்தது. "தவிர்க்க முடியாத காரணம்" என்பது அலுவலக மொழி. அதைக் கூட்டத்தை ஒத்திவைக்கும் செயலாளர் எழுதலாம். திருமணத்தில் அதை எழுதினால் படிப்பவர் தாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வார். அவருக்கு முதலில் தோன்றுவது வரதட்சிணைச் சண்டை, அடுத்துத் தோன்றுவது பெண்ணின் நடத்தை. இறப்பு என்ற ஒரு சொல் இருந்திருந்தால் இந்த ஐயம் எழுந்திராது. சாவைத் திருமணச் செய்தியோடு சேர்த்து எழுதக் கூடாதே என்று நான் தயங்கினேன். தயக்கம் இயல்புதான். ஆனால் ஒத்திவைப்பு மடல் மங்கல மடலன்று. அதில் இறப்பை எழுதுவதில் குறையொன்றும் இல்லை.

காரணத்தை எவ்வளவு எழுதுவது? இறந்தவர் மணமக்களில் யாருக்கு என்ன உறவு, என்று இறந்தார், முதியவராகவோ நோயுற்றவராகவோ இருந்தால் அந்தச் செய்தி. இவ்வளவு போதும். மருத்துவமனையின் பெயரும் கடைசி நேரச் செய்திகளும் வேண்டா. வயதையும் நோயையும் ஏன் எழுத வேண்டும் என்று நான் அத்தையைக் கேட்டேன். அவர் சொன்ன விடையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க முடியாது. "சம்பந்தம் பேசி முடித்தபின் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், பெண்ணின் ராசி என்று சொல்ல நாலு வாய் இருக்கும். ஓராண்டாய்ப் படுத்திருந்தவர் என்று நீயே எழுதிவிட்டால் அந்த வாய் திறக்காது" என்றார். அந்தப் பேச்சை நான் நம்பவில்லை. உங்களில் பலரும் நம்பமாட்டீர்கள். ஆனால் அது நாளைக்கு என் அக்காவைச் சுடும் பேச்சு. 'ஓராண்டாக நோயுற்றிருந்த' என்ற இரண்டு சொற்கள் அதற்குத் தடையாக நிற்குமானால் அவற்றை எழுதாமல் விடுவது அறிவுடைமை ஆகாது.

இரண்டாம் குற்றம், "நடைபெறாது" என்று எழுதியது. நடைபெறாது என்றால் நின்றுவிட்டது என்றுதான் பொருள். பேச்சு வழக்கில் 'கல்யாணம் நின்றுபோச்சு' என்பது முறிந்துவிட்டது என்பதே. 'ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது' அல்லது 'தள்ளிவைத்திருக்கிறோம்' என்பதே சொல்ல வேண்டிய சொல். எங்களைப் போல் அண்டை வீட்டார் பஞ்சாபியராகவும் இந்திக்காரராகவும் இருந்தால் அவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். இந்தியில் 'ஸ்தகித்' என்றால் ஒத்திவைப்பு; 'ரத்து' என்றால் ரத்துதான். என் நண்பன் ஒருவன் எனக்கு உதவுவதாக எண்ணி இந்தியில் எழுதிக் கொடுத்த வரைவில் 'ரத்து' இருந்தது. தமிழனுக்குத் தெரிந்த சொல்லாயிற்றே என்று அதை எழுதிவிட்டானாம்.

சொல்லைத் திருத்தினால் மட்டும் போதாது. சம்பந்தம் உறுதியாக இருக்கிறது என்பதை மடலே காட்ட வேண்டும். அதற்கு நேரான வழி, பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் சேர்ந்து கையொப்பமிடுவதுதான். ஒரே மடலின் அடியில் இரு வீட்டார் பெயரும் இருந்தால் எவனும் முறிவு என்று சொல்லமாட்டான். ஆகவே மடல் எழுதுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை மாப்பிள்ளை வீட்டாரோடு பேசுவது. நான் அதைச் செய்யாமலே பதினொரு வீட்டுக்கு அனுப்பினேன். அவர்களுக்கு அச்செய்தி வேறொருவர் வாயிலாகப் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு. நல்லவேளையாக, அப்பா விமான நிலையத்திலிருந்தே சம்பந்தியிடம் பேசியிருந்தார்.

அவர்கள் வீட்டில் ஒருவர், "குறித்த முகூர்த்தத்தை விடுவானேன்? எங்களுக்குத் தீட்டு இல்லையே" என்று கேட்டார். தவறான கேள்வியன்று. தீட்டு பங்காளிகளுக்கு உரியது. மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்குப் பங்காளிகள் அல்லர். ஆனால் பெண்ணை எடுத்துக் கொடுக்க வேண்டிய அப்பா இறந்தவருக்குத் தம்பி. மணமாகாத அக்கா அந்தக் குடும்பத்துப் பெண். எங்கள் வழக்கப்படி பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை இருவருக்கும் தீட்டு. பிராமணக் குடும்பங்களில் பங்காளித் தீட்டு பத்து நாள். பதின்மூன்றாம் நாள் சுபம். வைதிக முறைப்படி மணம் செய்வோரில், நாந்தி என்னும் முன்சடங்கு நடந்து முடிந்துவிட்டால் அதன்பின் வரும் தீட்டு அந்தத் திருமணத்தைத் தடுக்காது என்னும் கொள்கையும் உண்டு. எங்கள் வீட்டில் பந்தற்கால் கூட நடவில்லை. இறந்தவர் பெண்ணின் தாய்மாமனாக இருந்திருந்தால் கணக்கு வேறாக இருக்கும். அவர் பங்காளி அல்லர், தீட்டும் சிறிது. ஆனால் தாய்மாமன் இறந்த வீட்டில் மாலை மாற்ற யாருக்கு மனம் வரும்? ஒத்திவைப்பதா வேண்டாவா என்பதை இரு வீட்டுப் பெரியவர்களும் முடிவு செய்யட்டும். மடல் எழுதுபவன் அந்த முடிவு கைக்கு வரும்வரை எழுதுகோலைத் தொடாதிருப்பதே நல்லது.

மூன்றாம் குற்றம், அடுத்து என்ன என்பதைப் பற்றி நான் ஒன்றும் கூறாதது. புது நாளை எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எழுதியிருக்க முடியாது. ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். பெரியப்பா இறந்தது ஆனி 15. இறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் பதினாறாம் நாள் ஆனி 30, ஜூலை 14, ஞாயிறு. அவ்வாண்டு ஆனிக்கு 32 நாள். கருமாதிக்குப்பின் மிச்சம் இரண்டே நாள். ஜூலை 17இல் ஆடி பிறந்துவிடும். ஆடியில் எங்கள் பக்கம் திருமணம் செய்வதில்லை. ஆக, ஆகஸ்டு 17இல் பிறக்கும் ஆவணிக்கு முன் நாளே இல்லை. ஆவணியில் எந்த நாள் என்பது முகூர்த்தத்தையும், மண்டபம் கிடைப்பதையும், மாப்பிள்ளையின் விடுப்பையும் பொறுத்தது. பிணம் எடுத்த மறுநாள் அதைப் பேச முடியுமா? பேசினாலும் எழுதலாகாது. பெரியம்மா அந்த மடலைப் பார்ப்பார் அல்லவா? கணவரை எரித்த சாம்பல் ஆறுமுன் புது முகூர்த்தம் அச்சில் வந்ததென்றால் அவர் மனம் என்ன பாடுபடும்! எனவே "புதிய நாள் பின்னர் அறிவிக்கப்படும்" என்ற அளவில் நிறுத்த வேண்டும். மாதத்தை மட்டும் வாய்மொழியாகச் சொல்லலாம்.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. எங்கள் இந்தி நண்பர்கள் எல்லாரும் "அப்படியானால் நவம்பரில்தான்" என்று தாமே முடிவு கட்டிவிட்டார்கள். வடநாட்டில் தேவசயனி ஏகாதசியிலிருந்து நான்கு மாதம் திருமணம் இல்லை. 2024இல் அது ஜூலை 17 முதல் நவம்பர் 12 வரை. நமக்கு ஆடி ஒன்றே தடை என்பதை (பலருக்குப் புரட்டாசியும்) அவர்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், ஆவணித் திருமணத்திற்கு விடுப்பு எடுக்காமல் இருந்திருப்பார்கள்.

மறுநாள் காலை, அத்தை பக்கத்தில் அமர்ந்திருக்க, இரு வீட்டார் இசைவோடு அனுப்பிய மடல் இது. பெயர்களை மட்டும் விடுத்திருக்கிறேன்.

"அன்புடையீர், வணக்கம்.

எங்கள் குடும்பத்தின் மூத்தவரும் மணமகளின் பெரியப்பாவுமான திரு. இன்னார், ஓராண்டாக நோயுற்றிருந்து, 29-6-2024 சனிக்கிழமை கும்பகோணத்தில் தமது எழுபத்தொன்றாம் வயதில் இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

இதனால், குரோதி ஆண்டு ஆனி மாதம் 28ஆம் நாள் (12-7-2024) வெள்ளிக்கிழமை கும்பகோணத்தில் நடைபெற இருந்த எங்கள் செல்வர்கள் இன்னார், இன்னார் திருமணமும், முதல் நாள் மாலை வரவேற்பும் ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றன. அந்நாளுக்கெனப் பயண ஏற்பாடு செய்திருப்பவர்கள் அன்புகூர்ந்து அதனை மாற்றிக்கொள்ள வேண்டுகிறோம்.

இரு குடும்பத்தாரும் கலந்து புதிய நாளை முடிவு செய்தபின் தங்களுக்கு மீண்டும் அழைப்பு அனுப்புவோம்.

இங்ஙனம், மணமகளின் பெற்றோர், மணமகனின் பெற்றோர்."

பழைய நாளைத் தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் கிழமையுமாக முழுவதும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். வீட்டில் மாட்டியிருக்கும் அழைப்பிதழோடு ஒத்துப் பார்க்க அது வேண்டும். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று திருமணத்துக்கு அழைப்பு வாங்கியிருப்பவருக்கு எது தள்ளிப்போனது என்று தெரிய வேண்டாமா? ஆனால் அழைப்பிதழிலிருந்த "நிகழும் மங்களகரமான" என்ற தொடரை விட்டுவிட்டோம். வரவேற்பையும் தனியே சொல்லியிருக்கிறோம். சொல்லாவிட்டால் "முகூர்த்தந்தான் இல்லை, வரவேற்பு உண்டோ?" என்று கேட்பவர் இருப்பர்.

கருமாதி நாளை இதில் எழுதவில்லை. அதற்குத் தனிப் பத்திரிகை உண்டு. அது பங்காளிகளுக்கும் ஊராருக்கும் போகும். திருமணத்துக்கு அழைத்த எல்லாரையும் கருமாதிக்கு அழைப்பது முறையன்று. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் படிப்பவர் வர வேண்டுமா வேண்டாவா என்று மயங்குவார்.

மடலின் தோற்றத்தைப் பற்றியும் அத்தை கண்டிப்பாக இருந்தார். பிள்ளையார் சுழி கிடையாது, மஞ்சள் கிடையாது, சாமி படம் கிடையாது. அதே போலக் கறுப்புக் கரையும் கூடாது. கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கறுப்புக் கரையைக் கண்டால் இதையும் முழுக்கப் படிக்காமலே கிழித்துவிடுவார்கள். வெள்ளைத் தாளில் வெறும் எழுத்து. அவ்வளவுதான்.

இனி, மடலை எப்போது சேர்ப்பது? திருமணத்திற்கு முன்னால் என்று சொன்னால் போதாது. விருந்தினர் வண்டியேறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தில்லியிலிருந்து வருபவர்கள் ஜூலை 9 இரவு தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏறி, ஏறத்தாழ முப்பத்து மூன்று மணி நேரம் பயணம் செய்து, 11ஆம் நாள் காலை சென்னை சேர்ந்து, அங்கிருந்து கும்பகோணம் போக வேண்டும். 2024இல் இருந்த இரயில்வே விதிப்படி, உறுதியான பயணச் சீட்டை வண்டி புறப்பட 48 மணி நேரத்திற்கு முன் நீக்கினால் படுக்கை வகுப்பில் ஆளுக்கு 120 ரூபாய்தான் பிடிப்பார்கள். அதற்குப் பிந்தினால் கட்டணத்தில் காற்பங்கு போய்விடும். எனவே எங்களுக்கு உண்மையான கடைசி நேரம் ஜூலை 12 அன்று. ஜூலை 7 இரவு. தொலைவிலிருந்து வருபவருக்கே முதலில் சொல்ல வேண்டும் என்பது இந்தக் கணக்கால் தெளிவாகும். நாங்களோ வழக்கம்போல உள்ளூர்க்காரரிடமிருந்து தொடங்கினோம். உள்ளூர்க்காரர் சாவுக்கே வந்திருந்தார்; அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைத்த பெரியவர்களுக்கு வாட்ஸப் மட்டும் போதாது. நேரில் அழைத்தவரே தொலைபேசியில் பேச வேண்டும். மடல் பின்னால் போகலாம். நேரில் அழைத்தது பெரியப்பா! அவர் யார் யாரை அழைத்தார் என்பது அவருக்கு மட்டுந்தான் தெரியும். மூன்று நாள் இது யாருக்கும் தோன்றவில்லை. பிறகு பெரியம்மாதான் அவருடைய கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பக்கங்களில் ஊர் வாரியாகப் பெயர்கள். அழைத்து முடித்த பெயருக்கு எதிரே ஒரு கோடு. ஐம்பத்து நான்கு பெயர்களில் பத்தொன்பது பேருக்கு எங்கள் யாரிடமும் தொலைபேசி எண் இல்லை. அவர்களுக்கு அஞ்சலட்டை எழுதினேன். திருச்சியிலிருந்த ஒரு முதியவர், பெரியப்பாவோடு பள்ளியில் படித்தவராம், அந்த அட்டையைக் கண்டுதான் நண்பர் மறைந்ததையே அறிந்தார். திருமணம் தள்ளிப்போன செய்தியாக நான் எழுதியது அவருக்குச் சாவோலையாகப் போய்ச் சேர்ந்தது. அச்சடித்த வாசகத்திற்குக் கீழே என் கையால் இரண்டு வரி எழுதியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

புதுமனை புகுவிழா தள்ளிப்போகும்போதும் மடல் ஏறத்தாழ இதுவே. ஒரே குடும்பத்தின் விழா ஆகையால் இரட்டைக் கையொப்பம் வேண்டியதில்லை. வதந்திக்கும் அவ்வளவு இடமில்லை. ஆனால் இறந்தவர் வீட்டுக்காரரின் தாயோ தந்தையோ ஆனால், ஓராண்டு முடியும்வரை புதுமனை புகாத குடும்பங்கள் பல உண்டு. அங்கே "விரைவில் அறிவிப்போம்" என்று எழுதிவிடாதீர்கள். 'விரைவில்' என்ற சொல்லை நம்பி மாதந்தோறும் கேட்பார்கள்.

ஆவணியில் அக்காவிற்குத் திருமணம் நடந்தது. அதற்குப் புதிதாக அழைப்பிதழ் அச்சடித்தோம். பழைய அழைப்பில் நாளை மட்டும் அடித்துத் திருத்தினால் என்ன என்று சிக்கனம் பேசியவன் நான். அத்தை பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். புதிய அழைப்பில் இறப்பைப் பற்றியோ ஒத்திவைத்ததைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. மஞ்சள் இருந்தது, பிள்ளையார் சுழி இருந்தது. அழைப்பவர் பெயர் மட்டும் சிக்கலாயிற்று. முறைப்படி இனி அப்பா பெயரில் அச்சிட வேண்டும். அப்பா அச்சகத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தம் பெயருக்கு மேலே, 'தெய்வத்திரு' என்ற அடைமொழியோடு, அண்ணன் பெயரை அவரே எழுதிக் கொடுத்தார். அச்சுக்கோப்பவர், "அழைப்பவர் இடத்தில் இப்படிப் போடுவது வழக்கமில்லையே, ஐயா" என்றார். "போடுங்கள்" என்றார் அப்பா.